மந்தை, கிடை, சாரை, படை: விலங்குக் கூட்டங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: வனவிலங்குப் படங்களுக்குத் தமிழில் வர்ணனை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஹெர்ட், ஃப்ளாக், பேக், ஸ்வார்ம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வருகிறது. நான் எல்லாவற்றுக்கும் "கூட்டம்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் தனித்தனிச் சொற்கள் கிடையாதா? இருந்தால், எதெல்லாம் இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது?

பதில்:

தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலம் பிரிக்கிற இடத்தில் தமிழ் பிரிப்பதில்லை. தமிழில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் விலங்கின் வகையைப் பார்த்து வந்தவை அல்ல. அந்தக் கூட்டம் எங்கே அடைகிறது, எப்படி நகர்கிறது, வந்தால் நமக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்து வந்தவை. இன்று உயிரோடு இருப்பவை என்றால் மந்தை, கிடை, பட்டி, சாரை, படை, அப்புறம் எல்லாவற்றுக்கும் பொதுவான கூட்டம். நிரை, தொறு, ஆயம், தொழுதி போன்றவை பேச்சிலிருந்து போய்விட்டன.

மந்தையில் இருந்து தொடங்குகிறேன், அதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மந்தை என்றால் ஆடு மாடுகளின் கூட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஓர் இடத்தின் பெயரும்கூட. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் "மந்தையில உக்காந்திருக்காங்க" என்றால் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஊருக்குப் பொதுவான திறந்தவெளியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊர் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் முன் வந்து சேரும் இடம் அது. அங்கே இருக்கும் அம்மன் மந்தையம்மன். சென்னை மந்தைவெளியின் பெயரும் இந்த வழியில் வந்ததுதான். மன்றம், மன்று என்ற பழைய சொற்களும் இதே குடும்பம். மன்று என்பதற்கு ஊர்ப் பொதுவிடம், மாட்டுத் தொழுவம், பசுக்கூட்டம் என்று மூன்று பொருளும் உண்டு. நீலகிரியில் தோடர்களின் குடியிருப்பை மந்து என்கிறோமே, அதையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மந்தை என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் ஊரும் ஒரு மேய்ப்பவரும் இருக்கிறார்கள். ஆட்டு மந்தை, மாட்டு மந்தை, எருமை மந்தை எல்லாம் இயல்பாக வரும். "யானை மந்தை" என்று எழுதினால் காதில் உறுத்தும், ஏனென்றால் காட்டு யானையை யாரும் ஓட்டிக்கொண்டு போவதில்லை. அகராதியில் ஹெர்ட் என்பதற்கு மந்தை என்று இருப்பதால் பலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். காட்டெருமைக்கும் மானுக்கும் கூட்டம்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

மந்தைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "ஆட்டு மந்தை மாதிரி போறாங்க" என்றால் திட்டு. கொரோனா காலத்தில் இது ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலாகவே வந்தது. மக்களில் பெரும்பகுதியினருக்கு எதிர்ப்புசக்தி வந்துவிட்டால் தொற்று தானாகக் குறையும் என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் ஹெர்ட் என்ற சொல்லை வைத்துத்தான் பெயர். தமிழில் சிலர் "மந்தை எதிர்ப்புசக்தி" என்றார்கள், சிலர் "சமூக நோய் எதிர்ப்பாற்றல்", "கூட்டு நோய் எதிர்ப்பாற்றல்" என்றார்கள். முதலாவது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் கேட்கிற மனிதரை ஆடாக்கிவிடுகிறது. கிறிஸ்தவ வழக்கில் மட்டும் இந்த இழிவு ஒட்டவில்லை. "பயப்படாதே சிறுமந்தையே" என்ற விவிலிய வரியில் மந்தை அன்பான சொல், ஏனென்றால் அங்கே மேய்ப்பர் கூடவே இருக்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவது ஃப்ளாக். அதே ஃப்ளாக் பறவைகளுக்கும் வரும். தமிழில் ஆட்டுக்கு மந்தை, பறவைக்குக் கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பறவை மந்தை என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

அடுத்தது கிடை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான், நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதிகம் தெரியாததும் இதுதான். கிட என்ற வினையிலிருந்து வந்தது. ஆடுகள் இரவில் வயலில் படுத்துக் கிடக்கும், அதனால் கிடை. அறுவடை முடிந்து வயல் சும்மா இருக்கும் மாதங்களில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் தஞ்சை, திருவாரூர் பக்கம் நடந்தே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பல குடும்பங்களின் ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்து வரும். அவற்றுக்கெல்லாம் பொறுப்பாக ஒரு மூத்தவர் இருப்பார், அவருக்குக் கீதாரி என்று பெயர். பகலில் தரிசில் மேயும் ஆடுகளைச் சாயங்காலம் யாராவது ஒருவருடைய வயலுக்குக் கொண்டுவந்து, சுற்றி அடைப்புக் கட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் இரவு முழுவதும் நேராக மண்ணில் விழும். சில இரவுகளில் அந்த வயல் முடிந்ததும் அடைப்பைப் பிரித்து அடுத்த வயலுக்கு மாற்றுவார்கள். இதற்கு வயல்காரர் கீதாரிக்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். "கிடை போடுவது", "கிடை கட்டுவது" என்பதெல்லாம் இதுதான்.

வண்டியில் எரு அடிப்பதைவிட விவசாயிகள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்றால், குப்பைக்குழியில் சேரும் எருவில் மூத்திரத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். கிடையில் அது அப்படியே மண்ணுக்குப் போகும். புழுக்கையும் சீக்கிரம் மட்கும். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்ற பழமொழி இந்த வேகத்தைத்தான் சொல்கிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். அதே ஆடுகள்தான். பகலில் மேயும்போது அவை மந்தை, இரவில் வயலில் அடைந்து கிடக்கும்போது கிடை. "நம்ம ஊருக்கு கிடை வந்திருக்கு" என்றால் ஆடுகள், ஆட்கள், அடைப்பு எல்லாம் சேர்த்துத்தான் வந்திருக்கிறது. ஆட்டுக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை. மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் புலிக்குளம் மாடுகளை இதே முறையில் வயலுக்கு வயல் அடைத்து வளர்க்கிறார்கள். வீட்டில் கட்டி வளர்க்கும் மாட்டிலிருந்து பிரித்துச் சொல்ல அவற்றைக் கிடைமாடு என்பார்கள். ஆகவே உங்கள் படத்தில் அந்தி நேரத்தில் ஆடுகளை வயலில் அடைக்கும் காட்சி வந்தால் தயங்காமல் கிடை என்று எழுதுங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் காட்சிக்கு அதே சொல்லைப் போட்டால் ஆட்டுக்காரர் ஒருவர் கேட்டவுடனே தவறு என்று சொல்லிவிடுவார்.

பட்டி இதற்குப் பக்கத்துச் சொல். ஆடு மாடு அடைக்கும் அடைப்புதான் பட்டி. ஆனால் மாட்டுப் பொங்கலன்று "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று கூவுகிறோமே, அங்கே பெருகச் சொல்வது வேலியை இல்லை, உள்ளே இருக்கும் மாடுகளை. இலங்கைத் தமிழர்கள் மாட்டுப் பொங்கலுக்கே பட்டிப்பொங்கல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மந்தை, மன்று, கிடை, பட்டி நான்கிலும் நடந்திருப்பது ஒன்றுதான்: அடையும் இடத்தின் பெயர் அடைகிற கூட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் வளர்ப்பு விலங்குகளுக்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருக்கின்றன, காட்டு விலங்குகளுக்கு இல்லை.

பேச்சிலிருந்து போய்விட்ட சொற்களில் நிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிரை என்றால் வரிசை. வரிசையாகப் போகும் பசுக்கூட்டம் ஆநிரை. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி, அதை மீட்கப் போவது கரந்தை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இது ஏட்டுச் செய்தி மட்டும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல் ஒன்றில் "ஆகோள்" என்ற சொல் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கூடலூரில் நடந்த அந்தப் பூசலில் இறந்தவருக்கு எடுத்த கல் அது. பிற்காலத்தில், பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களில், மாட்டுக்கூட்டத்துக்குத் தொறு என்ற சொல் வருகிறது. மாடு கவர்வதும் மீட்பதும் வாழ்வா சாவா என்றிருந்த காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருந்ததில் வியப்பில்லை.

தொறு இன்று முழுவதும் மறைந்துவிட்டது. நிரை மட்டும் எதிர்பாராத இடத்தில் பிழைத்துக்கொண்டது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தைத் திறந்தால், குறுக்கே போகும் வரிசைக்கு நிரை, மேலிருந்து கீழே வருவதற்கு நிரல் என்று இருக்கும். மாடு போய்விட்டது, வரிசை மட்டும் நின்றுவிட்டது. வர்ணனையில் ஆநிரை என்று போட்டால் சங்க காலக் காட்சி மாதிரி கேட்கும். வரலாற்றுப் படமாக இருந்தால் ஒழிய வேண்டாம்.

பறவைக்கூட்டத்துக்குப் பழைய பாட்டுகளில் தொழுதி என்ற அழகான சொல் உண்டு. இன்று அதை யாரும் சொல்வதில்லை. குழாம், கணம் இரண்டும் விலங்கை விட்டுப் போய்விட்டன. "நண்பர் குழாம்" என்கிறோம், "பூதகணம்" என்கிறோம், அவ்வளவுதான்.

வரிசையைக் குறிக்கும் இன்னொரு சொல் மட்டும் சாகவே இல்லை. அது சாரை. எறும்புச் சாரை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் கூட்டப்பெயர் பாடத்தில் வருகிறது. "சாரை சாரையாக" என்று மனிதர்களுக்கும் வண்டிகளுக்கும் தினசரியில் தினமும் வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எறும்பு கோடு போட்டதுபோல் போனால்தான் சாரை. அதே எறும்புகள் கீழே சிந்திய பாயசத்தைச் சுற்றி அடைந்துகொண்டால் அது சாரை இல்லை. அப்போது நாம் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு "எறும்பு மொய்க்குது" என்று வினையால் சொல்கிறோம்.

ஆங்கிலத்தின் ஸ்வார்முக்குத் தமிழில் பெயர் தேடுகிறவர்கள் தோற்பது இங்கேதான். அது பெயரில் இல்லை, மொய் என்ற வினையில் இருக்கிறது. ஈ மொய்க்கும், எறும்பு மொய்க்கும், வண்டு மொய்க்கும். "ஈக்களின் ஒரு கூட்டம் பழத்தின் மீது இருந்தது" என்று எழுதுவதைவிட "பழத்தில் ஈ மொய்த்தது" என்பது எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்புவதற்குப் "புற்றீசல் போல" என்று ஒரு தொடரே இருக்கிறது.

தேனீயில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பெட்டியில் ஒரு ராணியோடு வாழும் மொத்தத் தேனீக்களையும் வளர்ப்பவர்கள் தேனீக் குடும்பம் என்பார்கள். ஆங்கிலத்தில் தேனீயைப் பற்றி ஸ்வார்ம் என்று வந்தால் பெரும்பாலும் அது இந்தக் குடும்பம் இல்லை. குடும்பம் பெருத்துப்போய், பழைய ராணியோடு ஒரு பகுதித் தேனீக்கள் பிரிந்து வந்து, புது இடம் கிடைக்கும்வரை மரக்கிளையில் கொத்தாகத் தொங்குமே, அதுதான். வெறுமனே தேனீக் கூட்டம் என்று எழுதினால் இந்த வேறுபாடு போய்விடும். "பிரிந்து வந்த தேனீக்கள்" என்றே எழுதலாம்.

வெட்டுக்கிளிக்குப் படை. கூட்டமாக வந்து பயிரை அழிப்பதால் போர்ச்சொல். 2020-ல் பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று பரவியபோது தமிழ்ச் செய்திகள் எல்லாவற்றிலும் "படையெடுப்பு" என்றே வந்தது. அது சரியான சொல்தான். அந்தப் பூச்சி தனியாக இருக்கும்போது ஒரு விதமாகவும், நெருக்கம் கூடும்போது நிறமும் நடத்தையும் மாறி இன்னொரு விதமாகவும் இருக்கும். மாறிய பிறகுதான் ஒரே திசையில் சேர்ந்து பறக்கும், அப்போதுதான் படை. அதே ஆண்டு மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஊர் பதறியது. வேளாண்மைத் துறையினர் வந்து பார்த்து, இவை பாலைவன வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர் வகை என்றார்கள். செடியை விட்டு அவை வயல்களுக்குப் பாயவில்லை, எருக்கில் மொய்த்துக்கொண்டிருந்தன. அங்கே படை என்று எழுதியிருந்தால் பீதிதான் மிஞ்சும். மொய்த்தன என்பதே நடந்ததை நடந்தபடி சொல்லும்.

சரி, செந்நாயும் ஓநாயும்? பேக் என்பதற்கு ஈடாகத் தமிழில் வேட்டைக் கூட்டத்துக்கென்று தனிப்பெயர் கிடையாது. செந்நாய்க் கூட்டம்தான். இல்லாததை வலிந்து உருவாக்க வேண்டாம் என்பேன். அந்த இடத்திலும் வினைதான் கைகொடுக்கும். "செந்நாய்கள் மானைச் சுற்றி வளைத்தன" என்றால் அவை சேர்ந்து வேட்டையாடுவது தானாக வந்துவிடுகிறது. யானைக்கு வனத்துறையினரும் காட்டோர விவசாயிகளும் கூட்டம் என்றே சொல்கிறார்கள். மூத்த பெண் யானை வழிநடத்த, தாயும் குட்டிகளுமாகப் போவதைக் காட்டும்போது யானைக் குடும்பம் என்று எழுதுவது தவறில்லை, உண்மையில் அது குடும்பம்தான். அங்கே மக்கள் பேச்சு நுணுக்கமாக இருப்பது கூட்டத்தில் இல்லை, தனியாக வருவதில்தான். தனியாக வந்தால் ஒற்றை யானை, தந்தமில்லாத ஆண் என்றால் மக்னா. வயலுக்குள் எது வந்தது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

தொல்காப்பியத்தின் மரபியலைப் பார்த்தாலும் இதே கவனம் தெரியும். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதையும் சொல்லி, எந்த விலங்குக்கு எது வரும் என்று விளக்குகிறது. பிறகு ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள். கூட்டத்தின் பெயர்களுக்கு அங்கே இப்படி ஒரு பட்டியல் இல்லை. தமிழ் மரபு நுணுக்கமாகப் பிரித்துப் பெயர் வைத்தது தனி விலங்கின் வயதையும் பாலையும்தான்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1486-ல் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில், பருந்து வைத்து வேட்டையாடுவது, மான் வேட்டை, குடிச் சின்னங்கள் பற்றி மேல்தட்டு ஆண்களுக்காக ஒரு நூலை அச்சிட்டார்கள். அதில் கூட்டப்பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. காக்கைக் கூட்டத்துக்குக் கொலை என்று பொருள்படும் மர்டர், சிங்கத்துக்குப் பெருமை என்று பொருள்படும் பிரைட், வானம்பாடிக்கு உயர்தல் என்று பொருள்படும் எக்ஸால்டேஷன் எல்லாம் அதில்தான் வருகின்றன. கன்னியாஸ்திரிகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும்கூட அந்தப் பட்டியலில் கூட்டப்பெயர் உண்டு. நயமாகப் பேசத் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்வதற்கான சொற்கள் இவை. அவற்றில் பிரைட் போன்ற மிகச் சிலதான் உண்மையான வழக்கில் நிலைத்தன. மற்றவை வினாடி வினாவிலும் இலக்கண நூலிலும் வாழ்கின்றன. வயலில் காக்கைகளைப் பார்க்கும் ஆங்கிலேயர் சாதாரணமாக ஃப்ளாக் என்றுதான் சொல்வார். நீங்கள் கேட்ட ஹெர்ட், ஃப்ளாக், பேக், ஸ்வார்ம் நான்கும் அன்றாடச் சொற்கள், இன்றும் நன்றாகப் புழங்குகின்றன.

ஆகவே ஆங்கில மூலத்தில் மர்டர் என்று வந்தால் "காக்கைகளின் கொலை" என்று மொழிபெயர்க்காதீர்கள், காக்கைக் கூட்டம் போதும். மூலத்தில் அந்தச் சொல்லை வைத்து ஏதாவது விளையாட்டு இருந்தால் மட்டும் அதை ஒரு வாக்கியத்தில் விளக்கலாம். "சிங்கப் பெருமை"யும் அப்படித்தான், சிங்கக் குடும்பம் என்றால் சரியாக இருக்கும். மீனுக்கு வரும் ஸ்கூல் இன்னும் ஏமாற்றும். அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. மீன் கூட்டத்தைக் குறிக்கும் ஷோல் என்ற இன்னொரு ஆங்கிலச் சொல்லின் உறவு அது, எழுத்தில் மட்டும் பள்ளியோடு ஒன்றாகிவிட்டது. "மீன் பள்ளி" என்று ஒரு துணைத்தலைப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு காட்சியை வைத்துச் செய்து பார்க்கலாம். ஏரிக்கரையில் மாலை. இதை "ஒரு ஆட்டுக் கூட்டம் வீடு திரும்புகிறது. மேலே ஒரு கொக்குக் கூட்டம் பறக்கிறது. கரையில் ஒரு எறும்புக் கூட்டம் செல்கிறது. இறந்த மீனின் மேல் ஒரு ஈக் கூட்டம் உள்ளது" என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நான்கு கூட்டமும் ஒரே மாதிரி தெரிகின்றன. நான் இப்படி எழுதுவேன்: "மந்தை திரும்புகிறது. கொக்குகள் வரிசையாகப் பறந்து போகின்றன. கரையோரம் எறும்புச் சாரை. செத்த மீனில் ஈ மொய்க்கிறது." கூட்டம் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. அந்த ஆடுகள் வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கு அடுத்த வயலில் அடைந்தால், மந்தை திரும்புகிறது என்பதை எடுத்துவிட்டு "வயலில் கிடை கட்டுகிறார்கள்" என்று போடுங்கள்.